இளம் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவின் அப்ரைசல் படிவத்தை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறையினருக்கும் மார்க்கெட்டிங் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

காலாண்டு தொடங்கும்போது உங்களிடமிருந்து ஒரு படிவம் வருகிறது. அதன் தலையில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "எல்லா இலக்குகளும் அளக்கக்கூடியவையாக இருக்க வேண்டும்." அதற்குக் கீழே இலக்குக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒரு கட்டம், காலாண்டு முடிந்த பிறகு ரேட்டிங்குக்கு ஒரு கட்டம். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன இளைஞர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பித் தருகிற மேலாளர்களில் நானும் ஒருவன். அளக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. "ஆர்வத்துடன் பணியாற்றினார்", "குழுவோடு நன்கு ஒத்துழைத்தார்" என்று எழுதி ஒருவரின் ஊதிய உயர்வை முடிவு செய்த காலத்தை விட இது எவ்வளவோ மேல்.

என் புகார் வேறு. ஒரு எண்ணை அளக்க முடிகிறது என்பதாலேயே அது அந்த இளைஞரின் வேலையைக் காட்டிவிடாது. உங்கள் படிவத்தில் எண்ணுக்கு இடம் இருக்கிறது. அந்த எண்ணில் எதைச் சேர்ப்போம், எதைச் சேர்க்க மாட்டோம், அது எங்கே தொடங்கியது, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் தானாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கெல்லாம் இடம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அநியாயம் நடக்கிறது. பல நேரம் அந்த அநியாயம் நல்ல ரேட்டிங் வடிவிலும் வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அலுவலகங்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம். அங்கே ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் ஒருவர் ஒரு லேண்டிங் பேஜையும், அதற்கு ஆட்களைக் கொண்டுவரும் தேடல் விளம்பரங்களையும் கவனிக்கிறார். மாதம் சுமார் 10,000 பேர் அந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள். அவர்களில் 4 சதவீதம் பேர் ஃபார்மை நிரப்புகிறார்கள். இப்படி விவரம் தந்து போகிறவர்தான் லீட். மாதம் 400 லீட், காலாண்டுக்கு 1,200. அவற்றை சேல்ஸ் டீம் கூப்பிட்டுப் பேசி, "ஆமாம், இவர்கள் வாங்கக்கூடியவர்கள்தான்" என்று ஏற்றுக்கொள்வது ஐந்தில் ஒன்று, அதாவது 240.

படிவத்தில் இலக்கு இப்படி எழுதப்படுகிறது: "லீட் எண்ணிக்கையை 30 சதவீதம் உயர்த்துதல்." கேட்க நன்றாக இருக்கிறது. எண் இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது. அந்த இளைஞர் என்ன செய்வார்? ஃபார்மில் இருந்து தொலைபேசி எண்ணையும் நிறுவனத்தின் அளவையும் கேட்கும் கட்டங்களை எடுத்துவிடுவார். நிரப்ப எளிதானால் அதிகம் பேர் நிரப்புவார்கள் என்பது இந்தத் தொழிலில் முதல் மாதமே தெரிந்துகொள்ளும் விஷயம். அப்புறம், "இலவச கையேடு" ஒன்றை வைப்பார். விளம்பரத்தில் "இலவச" என்ற சொல்லைச் சேர்ப்பார். காலாண்டு முடிவில் லீட் 1,680. உயர்வு 40 சதவீதம். ரேட்டிங் கட்டத்தில் "எதிர்பார்ப்பை மிஞ்சினார்" என்று எழுதுகிறோம்.

அதே காலாண்டில் சேல்ஸ் ஏற்றுக்கொண்டது 186. ஏற்பு விகிதம் 20 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகச் சரிந்துவிட்டது. கையேடு படிக்க வந்த மாணவர்களையும் வேலை தேடுபவர்களையும் தேடிப் பிடிப்பதில் சேல்ஸ் டீமின் நேரம் போனது. நிறுவனத்துக்கு இழப்பு, அதற்குக் காரணமானவருக்குப் பாராட்டு. இதில் அவர் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். படிவம் என்ன கேட்டதோ அதைக் கொடுத்திருக்கிறார். புள்ளிவிவரங்களில் தெரியும் ஓர் ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கி அழுத்தினால் அந்த ஒழுங்கே குலைந்துவிடும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது சொன்னார். மத்திய வங்கியில் நடந்தது உங்கள் லேண்டிங் பேஜிலும் நடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, வேறு எப்படி எழுதுவது? பல தலைவர்கள் உடனே மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். "லீட் வேண்டாம், வருமானத்தையே இலக்காக வைத்துவிடுவோம்" என்கிறார்கள். ஜூனியருக்கு இது இன்னும் மோசம். முதல் கூப்பிடுதலில் இருந்து பணம் கைக்கு வரும்வரை நான்கைந்து மாதம் ஆகிற விற்பனையில், இந்தக் காலாண்டில் வந்த வருமானம் போன காலாண்டின் லீட்களில் இருந்து வந்தது. அதன் நடுவில் விலையை முடிவு செய்தவர், டெமோ காட்டியவர், தள்ளுபடிக்கு அனுமதி தந்தவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் அந்த இளைஞரிடம் சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இலக்குகளுக்கான ஸ்மார்ட் விதியை ஜார்ஜ் டோரன் 1981-இல் எழுதினார். அதில் அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அந்த இலக்கை யார் செய்யப்போகிறார் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பிற்காலத்துப் படிவங்களில் அந்த இடத்தில் "அடையக்கூடியது" என்று வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லா மட்டத்திலும் எல்லா இலக்குகளையும் எண்ணாக்கியே தீர வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. ஜூனியரின் படிவத்துக்கு இந்த இரண்டும் மிகவும் தேவையான எச்சரிக்கைகள்.

நான் கேட்பது நடுவில் உள்ள ஒரு புள்ளி. அவர் கைக்கு எட்டுகிற, ஆனால் அவரால் தன்னந்தனியாக ஊதிப் பெருக்க முடியாத ஓர் எண். நம் கணக்கில் அது "சேல்ஸ் ஏற்றுக்கொண்ட லீட்". ஃபார்மை எளிதாக்கினால் மட்டும் இது ஏறாது. சரியான ஆளைக் கொண்டுவந்தால்தான் ஏறும். அதே நேரம் டெமோ சரியில்லாததாலோ விலை கூடியதாலோ இது இறங்காது. ஏனெனில் ஏற்பு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆனால் இதை அப்படியே படிவத்தில் எழுதிவிட்டால் அடுத்த சண்டை தொடங்கும். "ஏற்றுக்கொண்ட" என்றால் என்ன? சேல்ஸில் ஒருவர் பத்து லீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் "தரமில்லை" என்று தள்ளிவிடலாம். இன்னொருவர், மார்க்கெட்டிங்கோடு நல்லுறவு வேண்டும் என்று எல்லாவற்றையும் ஏற்கலாம். ஆகவே வரையறை படிவத்திலேயே இருக்க வேண்டும். நான் எழுதுவது இப்படி: நிறுவனத்தில் குறைந்தது பத்து ஊழியர்கள் இருக்க வேண்டும், பேசுபவர் வாங்கும் முடிவில் பங்குள்ளவராக இருக்க வேண்டும், சேல்ஸ் அவரோடு ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும். தள்ளினால், வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான சி.ஆர்.எம்மில் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான எண், மாணவர், மிகச் சிறிய நிறுவனம், ஏற்கனவே வாடிக்கையாளர் என்று ஐந்தாறு காரணங்கள் போதும். இரண்டு வேலை நாளுக்குள் சேல்ஸ் தொடவே இல்லை என்றால் அந்த லீட் தனியாக எண்ணப்பட வேண்டும். அது ஜூனியரின் கணக்கில் தள்ளப்பட்ட லீட்டாகச் சேரக் கூடாது. மேலாளர் மாதம் ஒருமுறை தள்ளப்பட்டவற்றில் இருபதை எடுத்துப் பார்த்தால், யார் வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

இந்த விதிகளை சேல்ஸ் தலைவரின் ஒப்புதலோடு எழுத வேண்டும். மனிதவளத் துறையினரே, இங்கேதான் உங்கள் உதவி தேவை. உங்கள் படிவம் மேலாளருக்கும் ஊழியருக்கும் இடையில் மட்டும் சுற்றுகிறது. ஒருவரின் ரேட்டிங் இன்னொரு துறையின் ஒரு கிளிக்கை நம்பி இருக்கும்போது, அந்தத் துறையின் கையெழுத்துக்கும் படிவத்தில் இடம் வேண்டும்.

அடுத்தது, இதுவரை எந்தப் படிவத்திலும் நான் பார்க்காத ஒன்று: எண் தானாக ஆடுகிற அளவு. யாரும் எதையும் மாற்றாவிட்டாலும் ஒரு காலாண்டில் 240 வரும், அடுத்ததில் 228 வரும், இன்னொன்றில் 255 வரும். வருகிறவர்கள் மனிதர்கள், அவர்கள் ஒரே சீராக வருவதில்லை. இந்த ஆட்டத்தைத் தோராயமாகக் கணிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இப்படி ஒவ்வொன்றாக வந்து சேரும் எண்ணிக்கைகளில், எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 240-இன் வர்க்கமூலம் சுமார் 15.5. இரண்டு மடங்கு 31. ஆகவே ஏறக்குறைய 210-இலிருந்து 270 வரை எது வந்தாலும் அது வெறும் தற்செயலாக இருக்கலாம். பண்டிகைக் காலம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் போன்ற பருவ மாற்றங்களையும் சேர்த்தால் ஆட்டம் இன்னும் கூடும், குறையாது. அதனால் முடிந்தால் போன வருடத்தின் இதே காலாண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாதக் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் இன்னும் கலக்கமாக இருக்கும். மாதம் 80 ஏற்பு. வர்க்கமூலம் சுமார் 9, இரண்டு மடங்கு 18. ஆக 62 வந்தாலும் 98 வந்தாலும் அதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மாதக் கூட்டத்தில் 80 போய் 71 ஆனதற்கு அந்த இளைஞரை நிற்க வைத்துக் காரணம் கேட்கிறோம். அவரும் ஏதோ ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். அடுத்த மாதம் 84 ஆனதும் அதற்கும் ஒரு காரணம். இல்லாத காரணத்தை நம்பிக்கையோடு சொல்லும் கலையைத்தான் அவருக்குக் கற்றுத் தருகிறோம்.

இந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தால் ரேட்டிங்குக்கான கோடுகளைத் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம். 270-க்கு மேல் வந்தால் முன்னேற்றம் என்று சொல்லத் துணியலாம். 210-க்குக் கீழே போனால் ஏதோ உடைந்திருக்கிறது. நடுவில் எங்கே நின்றாலும் எண் நமக்கு எதையும் சொல்லவில்லை. அந்தக் காலாண்டில் அவர் செய்த வேலையைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். உங்கள் படிவத்தில் "240-க்கு 247, சாதித்தார்", "240-க்கு 236, சாதிக்கவில்லை" என்று கோடு கிழிக்கிறபோது நீங்கள் தரம் பிரிப்பது ஆளை அல்ல, அதிர்ஷ்டத்தை. நான்கு பேர் உள்ள டீமில் இதை வைத்து பெல் கர்வ் வேறு போடச் சொல்கிறீர்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.

இப்போது அந்த ஜூனியரின் இலக்கைத் திருத்தி எழுதுகிறேன். நான் நிரப்பினால் படிவத்தில் இருப்பது இதுதான்:

"விளம்பரச் செலவு மாறாத நிலையில், இந்தக் காலாண்டில் உங்கள் லேண்டிங் பேஜ் வழியாக வந்து சேல்ஸ் ஏற்றுக்கொள்ளும் லீட் 275. தொடக்க நிலை 240. இயல்பான ஆட்டம் 210 முதல் 270. காவல் எண்: ஏற்பு விகிதம் 18 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எண்ணை எடுக்கும் இடம்: சி.ஆர்.எம்மில் சேமித்து வைத்துள்ள அறிக்கை. கணக்கு மூடும் நாள்: காலாண்டு முடிந்து இரண்டு வாரம் கழித்து."

அந்தக் கடைசி வரி சின்ன விஷயமாகத் தெரியும். கடைசி வாரத்தில் வந்த லீட்டை சேல்ஸ் கூப்பிட்டுப் பேசி முடிவெடுக்க நேரம் வேண்டும். காலாண்டின் கடைசி நாளிலேயே எண்ணை எடுத்தால் அவற்றை இழக்கிறோம். அது மட்டுமல்ல, அடுத்த காலாண்டின் கணக்கில் அவை இனாமாகச் சேர்ந்துவிடும்.

காவல் எண்ணுக்கும் ஒரு காரணம் உண்டு. ஏற்பை மட்டும் இலக்காக்கினால், லீட்டை மலைபோல் குவித்து அதிலிருந்து 275-ஐத் தேற்றிவிடலாம். சேல்ஸின் நேரம் அப்போதும் வீணாகும். 18 சதவீதம் என்று கோடு போட்டால் 275 ஏற்புக்கு அவர் அனுப்பக்கூடியது அதிகபட்சம் 1,530 லீட் அளவுதான்.

இந்த இலக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று பாருங்கள். விளம்பரத் தளத்தில், மக்கள் உண்மையில் எந்தச் சொற்களைத் தட்டித் தேடி வந்தார்கள் என்று காட்டும் அறிக்கை ஒன்று உண்டு. அதைத் திறப்பார். "இலவசம்", "மாதிரிப் படிவம்", "வேலைவாய்ப்பு" போன்ற சொற்களோடு வந்தவர்களால் செலவு எவ்வளவு ஆனது, அவர்களில் எத்தனை பேரை சேல்ஸ் ஏற்றது என்று சேர்த்துப் பார்ப்பார். ஏற்பே இல்லாத சொற்களை விலக்குப் பட்டியலில் போடுவார். மிச்சமான பணத்தை நன்றாக நடக்கும் சொற்களுக்குத் திருப்புவார். நிறுவனத்தின் அளவைக் கேட்கும் கட்டத்தை ஃபார்மில் வைத்திருப்பார். லீட் 1,200-இலிருந்து 1,100 ஆகக் குறையும். ஏற்பு 25 சதவீதமானால் 275 வந்துவிடும்.

இதே வேலையைப் பழைய படிவத்தில் செய்திருந்தால் "லீட் 8 சதவீதம் குறைந்தது, இலக்கு தவறியது" என்று எழுதியிருப்போம்.

எந்த எண்களை ஜூனியரின் படிவத்தில் வைக்கவே கூடாது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். இன்னும் பல படிவங்களில் மின்னஞ்சலின் "ஓப்பன் ரேட்" இலக்காக இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்துபவருக்கு மெயில் வந்ததும், அதிலுள்ள படங்களை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. மெயில் திறக்கப்பட்டதா என்று கண்டுபிடிக்க நாம் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத படமும் அதோடு இறங்குகிறது. ஆகவே ஆள் மெயிலைத் தொடாமலே "திறந்தார்" என்று பதிவாகிறது. பட்டியலில் ஆப்பிள் மெயில்காரர்கள் அதிகமானால் ஓப்பன் ரேட் தானாக ஏறும். அதற்கு யாரைப் பாராட்டுவது? கிளிக்கையோ, பதில் மெயிலையோ, அதன் வழியாக வந்த ஏற்பையோ எண்ணுங்கள்.

இரண்டாவது, விளம்பரத் தளங்கள் தாங்களே சொல்லும் விற்பனை எண்ணிக்கை. ஒருவர் திங்கட்கிழமை மெட்டாவில் நம் விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார், வியாழக்கிழமை கூகுளில் தேடி வந்து ஃபார்மை நிரப்புகிறார். மெட்டா வழக்கமாக கிளிக்குக்குப் பிறகு 7 நாள்வரை நடப்பதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் விளம்பரங்களில் இயல்பாக 30 நாள் வரை. இரண்டும் அதே ஆளைத் தன்னுடையவர் என்று சொல்லும். இரண்டு தளத்தின் அறிக்கையையும் கூட்டி இலக்கோடு ஒப்பிட்டால் ஒரு லீட் இரண்டாகிவிடும். ஆகவே எண் சி.ஆர்.எம்மில் இருந்துதான் வர வேண்டும். அந்த அறிக்கை எது என்பது முதல் வாரத்திலேயே முடிவாக வேண்டும். காலாண்டு முடிந்தபின் எந்த அறிக்கையில் எண் அழகாக இருக்கிறது என்று தேடுவது எக்ஸிக்யூட்டிவுக்கும் ஆகாது, மேலாளருக்கும் ஆகாது.

எண் எதையும் சொல்லாத காலாண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நான் பார்ப்பது சோதனைக் குறிப்பேடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: எதை மாற்றினார், ஏன் அது வேலை செய்யும் என்று நினைத்தார், எத்தனை பேருக்குக் காட்டிய பிறகு முடிவெடுப்பதாக முன்கூட்டிச் சொன்னார், என்ன ஆனது, அப்புறம் என்ன செய்தார். எதிர்பார்த்தது நடக்காவிட்டாலும் பரவாயில்லை. தோற்ற சோதனையை ஒழுங்காக நிறுத்தி, அதிலிருந்து அடுத்ததைத் திட்டமிட்டவருக்கு நல்ல மதிப்பெண் தருவேன். முடிவு வருவதற்கு முன்பே தனக்குப் பிடித்த பக்கம் ஜெயித்துவிட்டது என்று அறிவித்தவருக்குத் தர மாட்டேன்.

ஆனால் இந்தக் குறிப்பேட்டையும் எண்ணாக்கிவிடாதீர்கள். "காலாண்டுக்கு 6 ஏ/பி சோதனை" என்று ஒரு இலக்கு உங்கள் மாதிரிப் படிவங்களில் அடிக்கடி வருகிறது. ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவதுதான் அந்தச் சோதனை. கணக்கைப் பாருங்கள். 4 சதவீதம் பேர் நிரப்பும் பக்கத்தில் 5 சதவீதம் ஆக்கும் மாற்றத்தை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 6,700 வருகையாளர்கள் வேண்டும். இரண்டு வடிவத்துக்கு 13,400. நம் பக்கத்துக்கு மாதம் 10,000 பேர்தான் வருகிறார்கள். ஒரு சோதனைக்கே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று மாதத்தில் ஒழுங்காக இரண்டு செய்யலாம். ஆறு கேட்டால் ஆறு வரும். அவற்றில் எதுவும் நம்பக்கூடியதாக இருக்காது.

ஏற்பை வைத்தே சோதிக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. வருகையாளர்களில் ஏற்பாவது 0.8 சதவீதம். அதை 1 சதவீதமாக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க, ஒரு வடிவத்துக்கே 30,000-க்கு மேல் ஆட்கள் வேண்டும். ஒரு காலாண்டில் அந்தப் பக்கத்துக்கு வருவதே மொத்தம் 30,000 பேர். அதனால்தான் சோதனைகளை ஃபார்ம் நிரப்புதலில் செய்யச் சொல்கிறேன், அது மலிவான ஆட்களை இழுத்துவரவில்லை என்பதை ஏற்பு விகிதத்தைக் கொண்டு காவல் காக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்படி படிவம் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, காலாண்டின் நடுவில் தரை நகரும்போது என்ன செய்வது. பட்ஜெட்டைப் பாதியாக வெட்டிவிடுகிறீர்கள், இலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. அல்லது இணையதளக் குழு குக்கீ அனுமதிப் பெட்டி ஒன்றை வைக்கிறது, பாதிப் பேர் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். 2023 ஜூலையில் கூகுள் தன் பழைய அனலிடிக்ஸை நிறுத்தி புதியதற்கு மாற்றியபோது இதைத்தான் பார்த்தோம். வந்த வேகத்திலேயே திரும்பிப் போகிறவர்களின் விகிதத்தைக் காட்டும் "பவுன்ஸ் ரேட்" என்ற அதே பெயரில் வேறு கணக்கு வந்தது. பழைய முறையில், ஒரே பக்கத்தை ஐந்து நிமிடம் நிதானமாகப் படித்துவிட்டுப் போனவரும் பவுன்ஸ். புதியதில் பத்து வினாடி நின்றாலே அவர் பவுன்ஸ் அல்ல. பவுன்ஸ் ரேட்டைக் குறைப்பது இலக்காக இருந்தவர்கள் எந்த வேலையும் செய்யாமல் ஜெயித்தார்கள்.

ஆகவே படிவத்தில் "நடுவில் மாறியவை" என்று ஒரு கட்டம் கேட்கிறேன். விளம்பரச் செலவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறினாலோ, அளக்கும் முறை மாறினாலோ, ஒரு வாரத்துக்குள் மேலாளரும் எக்ஸிக்யூட்டிவும் உட்கார்ந்து இலக்கை மாற்றி எழுதி, தேதி போட வேண்டும். செலவு பாதியானால் இலக்கும் பாதி என்று கணக்கு போட்டுவிடாதீர்கள். முதலில் செலவாகிற பணம்தான் எளிதாகக் கிடைக்கும் ஆட்களைக் கொண்டுவருகிறது. ஆகவே பாதிப் பணத்தில் பொதுவாகப் பாதிக்கு மேல்தான் வரும். எவ்வளவு மேல் என்பதை அந்தக் கணக்கின் பழைய எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிறிய மாற்றங்களுக்கு இலக்கைத் தொட வேண்டாம். ஒவ்வொரு தும்மலுக்கும் திருத்திக்கொண்டிருந்தால் கடைசியில் யாரும் தவறவே முடியாத இலக்காகிவிடும்.

எத்தனை இலக்கு என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. ஒரு ஜூனியருக்கு இப்படி எழுதப்பட்டவை இரண்டு, அதிகபட்சம் மூன்று. எட்டு இலக்கு உள்ள படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் இந்த வரையறை வேலையைச் செய்ய எந்த மேலாளருக்கும் நேரம் இருக்காது. எட்டும் வெற்றுச் சொற்களாகத்தான் போகும்.

மதிப்பெண் பங்கீடு பற்றியும் கேட்பீர்கள். முதல் வருடத்தில் உள்ளவருக்கு விளைவு எண்ணுக்குப் பாதிக்கும் குறைவாகவே வைக்கிறேன். மீதியைக் குறிப்பேட்டுக்கும், வேலை குறித்த நாளில் தவறில்லாமல் வெளியே போவதற்கும் தருகிறேன். விளம்பர இணைப்பில் கண்காணிப்புக் குறி விட்டுப்போவது, தவறான பட்டியலுக்கு மெயில் போவது போன்ற பிழைகளை எண்ணுவது சுலபம், அவை முழுக்க அவர் கையில் இருப்பவை. அனுபவம் ஏறி, பட்ஜெட்டைத் தானே முடிவு செய்யும் நிலைக்கு வரும்போது விளைவின் பங்கை ஏற்றலாம். இந்தப் பங்கீட்டுக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. எவ்வளவு அதிகாரம் தருகிறோமோ அவ்வளவுக்கு விளைவைக் கேட்கலாம் என்ற என் தீர்மானம்தான்.

எல்லாப் படிவங்களையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. அடுத்த காலாண்டுக்கு ஒரே ஒரு டீமின் படிவத்தில் ஐந்து கட்டங்களைச் சேர்த்துத் தாருங்கள்: வரையறை, தொடக்க நிலையும் ஆட்டமும், காவல் எண், எண்ணை எடுக்கும் அறிக்கையும் மூடும் நாளும், நடுவில் மாறியவை. சேல்ஸ் தலைவரின் கையெழுத்துக்கு ஒரு கோடு. இவற்றை நிரப்பாமல் காலாண்டின் இரண்டாம் வாரத்துக்குப் பின் வரும் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள். அது என் படிவமாக இருந்தாலும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மார்க்கெட்டிங் மேலாளர்